கேதம் கேட்கப் போக முடியாதபோது

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் முதல் நாள்தான் முகூர்த்தக்கால் ஊன்றியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். ஐந்தரை மணிக்கு போன் அடித்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்கு உயிராக இருக்கிற தோழியின் மதினி பேசினார். "அத்தை போயிட்டாக. காப்பி கொடுக்கலாம்னு எழுப்பினேன், உடம்பு சில்லுனு இருந்துச்சு. இன்னைக்கே சாயங்காலம் எடுத்துருவாக."

கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல்காட்டில் இருக்கிறது அந்தக் கிராமம். மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் போனாலும் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கம் முகூர்த்தக்கால் ஊன்றிவிட்டால் கல்யாண வீட்டார் இழவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. என் மாமியார் அதற்கும் ஒரு படி மேலே போய், "கல்யாண வீட்டுக்குள்ள நின்னு அழாத, மாடிக்குப் போ" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு மகள் வாழ்க்கையில் ஒரு சின்னக் குறை வந்தாலும் இந்த நாளைத்தான் சொல்லிக் காட்டுவார்கள் என்பது எனக்கும் தெரியும். வெளிநாட்டில் இருந்தும், பிள்ளை பெற்ற வீட்டில் இருந்தும், மாலை போட்டிருந்தும், லீவு கிடைக்காமலும் போக முடியாமல் போகிறவர்கள் எத்தனையோ பேர். எனக்கு வாய்த்த காரணம் இது. காரணம் எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். அதை நான் முதல் மணி நேரத்திலேயே தப்பாகத்தான் தொடங்கினேன்.

மாடிக்குப் போய் உடனே தோழியைக் கூப்பிட்டேன். எடுத்தாள். அவள் "ஏ..." என்று சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே முகூர்த்தக்கால் ஊன்றியதையும், மாமியார் சொன்னதையும், ஒரு நாள் முந்தி நடந்திருந்தால் ஓடி வந்திருப்பேன் என்பதையும் கொட்டித் தீர்த்தேன். மூன்று நான்கு நிமிடம் நான்தான் பேசினேன். கடைசியில் அவள் சொன்னாள்: "விடுடி. நீ வராட்டி என்ன? அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. நீ கல்யாண வேலையப் பாரு. அழுது தலைவலியை இழுத்துக்காத."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. தாயைக் கூடத்தில் கிடத்தி வைத்துக்கொண்டு அவள் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். வர முடியாதவர்கள் செய்கிற முதல் தப்பு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வர முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி நம்முடையது. அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மடியில் இறக்கினால், பாவம், அதையும் அவர்களே சுமக்க வேண்டியிருக்கிறது. காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். அதுவும் அவளிடம் இல்லை, அவள் வீட்டில் வெளியே நின்று காரியம் பார்க்கிற ஒருவரிடம். "முகூர்த்தக்கால் ஊன்றியாச்சு மதினி, வர முடியல" என்று மதினியிடம் சொல்லியிருந்தால் அந்த ஊரில் ஒரு வார்த்தை கூடுதலாக விளக்க வேண்டியிருந்திருக்காது.

அன்று பகலெல்லாம் மண்டபத்துக்காரரிடமும் சமையல்காரரிடமும் பேசிக்கொண்டே ஒரு விஷயத்தை யோசித்தேன். எங்கள் ஊரில் இழவு வீட்டுக்குப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்போம். மற்ற ஊர்களில் துக்கம் விசாரிப்பது என்பார்கள். இரண்டிலும் இருப்பது கேட்பதுதான். கேதம் சொல்லுவது என்று ஒன்று உண்டு, அது சாவுச் செய்தியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவது, அந்த வீட்டார் செய்வது. போகிறவர்கள் செய்வது கேட்பது. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பெண்கள் வந்து சேர்ந்தால் முதலில் கட்டிப் பிடித்துத் தலையோடு தலை வைத்து ஒரு பாட்டம் அழுவார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்து, "எப்பத்தா? என்ன செஞ்சுச்சு? ராத்திரி சாப்பிட்டாகளா?" என்று கேட்பார்கள். அந்த வீட்டுப் பெண் முதலிலிருந்து சொல்லுவாள். அடுத்து ஒருத்தி வருவாள், அவளும் கேட்பாள், மறுபடியும் முதலிலிருந்து. ஏன் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டுச் சாகடிக்கிறார்கள் என்று அந்த வயதில் எரிச்சலாக இருந்திருக்கிறது. சொல்லச் சொல்லத்தான் நடந்தது நடந்துவிட்டது என்பது அந்தப் பெண்ணுக்கே உள்ளே இறங்குகிறது என்று என் அப்பா இறந்தபோது தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்து வைத்திருந்தும், இந்த முறை போனில் நான் கேட்கவே இல்லை, சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சரி, அன்றைக்கு வேறு என்ன செய்ய முடிந்தது என்று சொல்கிறேன்.

ஒன்பது மணி வாக்கில் மதினியைக் கூப்பிட்டேன். சும்மா "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குச் சாவு வீட்டில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் தெரியாது. "அவ மாத்திரை எடுத்துட்டு வந்தாளா மதினி?" என்று கேட்டேன். தோழிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. கோவில்பட்டி டவுனில் இருந்து செய்தி கேட்டதும் கட்டிய சேலையோடு ஓடி வந்தவள். மதினிக்கு அது நினைப்பிலேயே இல்லை. கேட்டுப் பார்த்தால் மாத்திரையும் இல்லை, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. பிரேதம் கிடக்கிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டார் காப்பித்தண்ணி கொண்டுவந்தாலும் பெற்ற பிள்ளைகள் வாயில் வைப்பதில்லை. சர்க்கரைக்காரருக்கு இது இரண்டு பக்கமும் ஆபத்து. மாத்திரை போடாமல் விட்டால் சர்க்கரை ஏறும். சில மாத்திரைகளைச் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிப் படபடப்பும் வேர்வையும் வந்து மயக்கமாகிவிடும். அழுது மயங்கி விழுந்தாள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் வகுப்பில் படித்த இன்னொருத்தி கோவில்பட்டியிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் எப்படியும் கேதத்துக்குப் போகிறவள்தான். தோழியின் மகனிடம் மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதை அவளுக்கு அனுப்பினேன். வழியில் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டாள். ஒரு பிளாஸ்க்கில் கஞ்சியும் கொண்டுபோனாள். கூடத்தில் வைத்துக் குடிக்கச் சொன்னால் குடிக்க மாட்டாள், பின்பக்கம் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொடு, முதலில் கஞ்சி, பிறகு மாத்திரை என்று சொல்லி அனுப்பினேன். தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை டம்ளர் குடித்தாளாம். அன்று முழுக்க நான் செய்ததில் உருப்படியானது இது ஒன்றுதான்.

அந்தத் தையல் கடைக்காரியிடமே என் பெயரைச் சொல்லி ஒரு ரோஜா மாலையும் போடச் சொல்லியிருந்தேன். ஆள் அனுப்பும்போது இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டால் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. போகிறவர் அந்த வீட்டாருக்கு அறிமுகமானவராக இருக்க வேண்டும், மாலையைப் போடும்போதே இன்னாருடையது என்று சொல்ல வேண்டும், போட்டதும் திரும்பிவிடாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவள் பிரேதத்தின் தலைமாட்டில் குனிந்து, "பெரியம்மா, மதுரைக்காரி மாலை இது. அவளால வர முடியல, வாங்கிக்கோங்க" என்று இறந்தவரிடமே சொன்னாளாம். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகச் செய்தது. தோழி பின்னால் என்னிடம் இரண்டு மூன்று தடவை அதைச் சொல்லிவிட்டாள்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தோழிக்கு வாட்ஸப்பில் எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடக் குழுவில் அதற்குள் ரோஜாப்பூவும் விளக்கும் போட்ட படங்கள் இருபத்தைந்துக்கு மேல் வரிசையாக வந்திருந்தன. அவற்றைக் குறை சொல்லவில்லை, மனசார அனுப்பியவர்கள்தான். ஆனால் அவற்றில் பெரியம்மா எங்குமே இல்லை. யார் இறந்தாலும் அனுப்பக்கூடிய படம். ஒப்பாரியில் அப்படி இருக்காது. அந்த மனுஷி என்ன நட்டாள், யாருக்குச் சோறு போட்டாள், எந்தத் தெருவில் நடந்தாள் என்றுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் பாட்டுக் கட்டுவார்கள். எனக்குப் பாடத் தெரியாது. எனக்குத் தெரிந்த பெரியம்மாவை எழுத முடியும்.

பெரியம்மா தீப்பெட்டி ஒட்டுகிறவர். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய காசில்தான் மகளைப் படிக்க வைத்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் நான் அந்த வீட்டிலேதான் கிடப்பேன். விடிகாலை நான்கு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டு எங்களை எழுப்பிவிட்டு, பசைக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்துகொள்வார். எழுத்து தெரியாது அவருக்கு. ஆனாலும் குறளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். நாங்கள் ஒரு இடத்தில் தயங்கினால் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தடுமாறுது பாரு, திரும்பச் சொல்லு" என்பார். இதை அப்படியே அனுப்பினேன்:

"பெட்டி ஒட்டிக்கிட்டே நமக்குக் குறள் கேட்டது கண்ணுக்குள்ளயே நிக்குது. 'தடுமாறுது பாரு, திரும்பச் சொல்லு'ன்னு பெரியம்மா குரல் காலையிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கு. நீ பதில் போட வேண்டாம். நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுறேன். எடுக்க முடிஞ்சா எடு. இல்லைன்னா அதுக்கு மறுநாள் கூப்பிடுறேன்."

இதில் 'பதில் போட வேண்டாம்' என்பதும், கூப்பிடப்போகிற நேரமும் முக்கியம் என்று நினைக்கிறேன். பதில் எழுதாமல் விட்டோமே என்ற நினைப்புகூட அந்த நேரத்தில் ஒரு பாரம். "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று சொன்னால் அவர்கள் கூப்பிடவே மாட்டார்கள். நாமே நேரம் சொல்லி நாமே கூப்பிட்டால், எடுப்பதும் விடுவதும் மட்டும்தான் அவர்கள் வேலை.

சொல்லாமல் விட்டவையும் உண்டு. பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார். பேரன் பேத்தி பார்த்தாயிற்று. கொட்டடித்து, தேர் கட்டி எடுத்தார்கள். எங்கள் பக்கம் இதைக் கல்யாணச் சாவு என்பார்கள். கொடுத்து வைத்த மகராசி, இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்களாம். அது பொய் இல்லை. என் வாயிலும் அந்த வார்த்தை வந்து நின்றது. பின்னால் தோழி சொன்னாள்: "ஊருக்குக் கல்யாணச் சாவுடி. எனக்கு அம்மா இல்ல." நல்ல சாவு என்று சொந்தப் பிள்ளைகள் சொல்லலாம், அவர்கள் சொன்னால் நாம் ஆமாம் என்று தலையாட்டலாம். நாமாக எடுத்துக் கொடுத்தால், அழுதது போதும் என்று சொல்வதுபோல் அவர்கள் காதில் விழுகிறது.

வெள்ளிக்கிழமை காலை காடாத்து முடிந்தது. அன்று ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி அடிக்கவில்லை. சனிக்கிழமை எட்டு மணிக்கு மண்டபத்தில் பெண்ணழைப்புச் சத்தம். மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறைக்கு அந்தப் பக்கம் போய் நின்று கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டிருக்கும். "எப்படிடி ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். ராத்திரி அம்மா ரசஞ்சோறு சாப்பிட்டது, கால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டது, மதினி கதவைச் சாத்தப் போனபோது "தொறந்தே கிடக்கட்டும், காத்து வரட்டும்" என்றது. பதினைந்து நிமிடம் இருக்கும். நான் "ம்" கொட்டியதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. நேரில் என்றால் நாம் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். போனில் சும்மா இருந்தால் லைன் போய்விட்டதோ என்று அவர்களுக்குத் தோன்றும். அந்த "ம்" அதற்குத்தான்.

போனை முடிப்பதும் ஒரு சங்கடம். இழவு வீட்டில் "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல மாட்டோம், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் முறை. போனில் அப்படி அறுத்துவிட முடியாது. "நாளைக்கு எட்டு மணிக்கு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அதுவே பழகிவிட்டது. பதினாறாம் நாள் விசேஷம் முடிகிற வரைக்கும் நாள் தவறாமல், அதற்குப் பிறகு ஒன்று விட்டு ஒரு நாள்.

கல்யாணத்தன்று ஒரு தப்புச் செய்தேன். வாட்ஸப் ஸ்டேட்டஸில் தாலி கட்டுகிற படத்தைப் போட்டபோது, அவளுக்கு மட்டும் தெரியாதபடி மறைத்து வைத்தேன். தாயைக் கொடுத்து நாலாவது நாளில் மேளமும் பட்டுச் சேலையும் பார்த்தால் மனசு என்ன பாடு படும் என்ற எண்ணம்தான். இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். "கல்யாணப் படம் ஒண்ணுகூடக் காணோமே. எல்லாருக்கும் தெரியுதாம், எனக்கு மட்டும் தெரியல. தீட்டுக்காரின்னு ஒதுக்கிட்டியா?" நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து நான் பார்த்த குழந்தைடி அது, பார்க்கணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன் என்றாள். அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நான் முடிவு செய்திருக்கக் கூடாது. "படம் இருக்கு, இப்ப அனுப்பவா, அப்புறம் பாக்குறியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ராத்திரிப் பேச்சில்தான் அது வெளியே வந்தது. இறப்பதற்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா அவளைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். அவள் எடுக்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கத் தையல் கடையில் நின்றிருக்கிறாள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தவள் மறந்து தூங்கிவிட்டாள். "அந்த ஒரு போனை எடுத்திருந்தா..." என்று சொல்லிவிட்டு விசும்பினாள். என் வீட்டுக் கல்யாணம் என்பதால்தான் இத்தனை நாளும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

அப்பாவோ அம்மாவோ போன வீட்டில் இப்படி ஒரு முள் இல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. எடுக்காத போன், தள்ளிப்போட்ட டாக்டர், கடைசியாகப் பேசிய கோபப் பேச்சு. "அப்படியெல்லாம் நினைக்காத, உன் தப்பு என்ன இருக்கு" என்று சொல்வதுதான் நம் எல்லாருக்கும் உடனே வருவது. என் அப்பா போனபோது எனக்கும் அதையே எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அதனால் அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு கேட்டேன்: "பெரியம்மா எதுக்குக் கூப்பிட்டிருப்பாக?"

அவள் யோசித்தாள். "எதுக்கு... பால்காரன் ரெண்டு நாளா தண்ணி கலக்குறான்னு சொல்லக் கூப்பிட்டிருப்பா. ஒரு வாரமா அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா" என்றாள். சொல்லிவிட்டு அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அந்தப் போன் அதற்குப் பிறகும் அவளுக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது, இன்றைக்கும் வலிக்கும். ஆனால் கடைசி வார்த்தை என்னவோ ஏதோ என்ற இருட்டுப் போய், அது பால்காரனைப் பற்றிய போனாக ஆகிவிட்டது.

காகித வேலையில் தூரத்திலிருந்து உதவலாம், ஆனால் எப்போது, யாரிடம் பேசுகிறோம் என்பது முக்கியம். காடாத்து முடிகிற வரைக்கும் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு தோழியிடம் இல்லை, அவள் அண்ணனிடம் பேசினேன். கிராமத்தில் வீட்டிலேயே நடந்த சாவு என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் பதிய மாட்டார்கள், வீட்டார்தான் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொல்ல வேண்டும். 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும் வரும். பதினாறு நாள் காரியத்துக்கே ஓடிக்கொண்டிருக்கிற வீட்டில் இந்த 21 நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். பெயர் எழுதும்போது ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் சொல்லச் சொன்னேன். பெரியம்மா பெயரில் 'அம்மாள்' சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. இறப்புச் சான்றிதழில் ஒன்றும் பட்டாவில் வேறொன்றுமாக இருந்தால் பின்னால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நடக்க வேண்டிவரும். முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்த கணக்கில் அடுத்த மாதம் பணம் விழுந்தாலும் ஏடிஎம்மில் எடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னேன், அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். இவ்வளவையும் ஒரே போனில் சொல்லிவிட்டு, அப்படியே வாட்ஸப்பிலும் எழுதிப் போட்டேன். போனில் சொன்னது அந்த நாட்களில் யாருக்கும் தங்காது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கும் நான் போக முடியவில்லை. கல்யாணம் ஆன மாதம் முடியட்டும் என்று வீட்டில் சொன்னார்கள். விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய அன்றைக்குத்தான் வீடு வெறிச்சென்று ஆகும், அன்று எட்டு மணிக்கு நெடுநேரம் பேசினோம். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. மறுவீடு விருந்தெல்லாம் முடிந்துவிட்டது, இனி யார் சொன்னாலும் சரி என்று இருபத்தோராவது நாள் புதன்கிழமை கிளம்பிவிட்டேன். எங்கள் பக்கம் செவ்வாய், வெள்ளியில் கேதம் கேட்கப் போக மாட்டோம். மாமியார் தடுக்கவில்லை. "வெறுங்கையோட போகாத" என்று சொல்லி, வீட்டில் இருந்த காப்பித்தூளும் சீனியும் கட்டிக் கொடுத்தார்.

தோழி இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். தாழ்வாரத்தில், பெரியம்மா உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற அதே தூணுக்குப் பக்கத்தில் என்னைக் கண்டதும் எழுந்தாள். கட்டிப் பிடித்து அழுதோம். போனில் இருபது நாள் அழாத அழுகை அது. பிறகு உட்கார்ந்து, எல்லாம் தெரிந்திருந்தும், "எப்படிடி ஆச்சு?" என்று கேட்டேன். ரசஞ்சோற்றிலிருந்து ஆரம்பித்தாள்.

எழுந்திருக்கிற நேரத்தில் உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். என் மகளுக்குக் கல்யாணத்துக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த சேலை. நீட்டலாமா கூடாதா என்று அவளுக்குத் தயக்கம். "வருசம் திரும்பட்டும், அப்புறம் தர்றேன்" என்றாள். நானே கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். தீபாவளிக்கு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், பலகாரம் என் வீட்டிலிருந்து வரும், யாரிடமும் வாங்கிவிடாதீர்கள் என்று மதினியிடம் சொல்லி வைத்தேன்.

அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தேன். அவளும் வாசல் வரை வரவில்லை. கோவில்பட்டியில் மதுரை பஸ் கிடைக்க நேரமாகிவிட்டது. சாத்தூர் தாண்டும்போது போன் அடித்தது. மணி எட்டு. அவள்தான்.

"பஸ்ல உக்கார இடம் கிடைச்சுச்சாடி?"